உரிமத்தின் பின்னே ஓடிய உழைப்பு

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருளியல் நூல்களில் ஆங்கில வழியே வந்து வழங்கும் ஒரு தொடர் உண்டு. 'ரென்ட் சீக்கிங்' என்பது அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வாடகை தேடல்' என்றாகும். அவ்வாறு பெயர்த்தவுடனே வீட்டு வாடகை நினைவுக்கு வந்து பொருள் திரிந்துவிடுகிறது. ஆகவே முதலில் சொல்லைச் சீர்செய்துகொள்வது நலம்.

ஏரிப் பாசனமுள்ள ஒரு கழனியையும், அதே பரப்புள்ள ஒரு மேட்டு நிலத்தையும் ஒரே உழவர் ஒரே உழைப்பைச் செலுத்தி உழுகிறார் என்க. கழனியில் பத்து மூட்டை மிகுதியாக விளைகிறது. அந்த மிகுதி உழைப்பினால் வந்ததன்று. நிலத்தின் இயல்பினால் வந்தது. நிலம் வைத்திருப்பவர் அதைக் குத்தகையாகப் பெறுகிறார். ஒரு பொருளைச் சந்தைக்குக் கொணர எவ்வளவு கொடுத்தால் போதுமோ, அதற்கு மேற்பட்டுக் கிடைக்கும் இத்தகைய மிகுதியையே பொருளியலார் 'ரென்ட்' என்றனர். நிலம் இயற்கை தந்தது. ஆயின் அரசு ஒரு தடையை விதித்து, அத்தடையைத் தாண்டும் உரிமையைச் சிலருக்கு மட்டும் வழங்கினால், அவ்வுரிமையும் ஒரு கழனியாகிவிடுகிறது. அதிலிருந்து வரும் மிகுதியைச் 'சலுகை ஆதாயம்' என்றும், அதனைப் பெறுவதற்காக நிறுவனங்கள் செலவிடும் பொருள், காலம், அறிவு ஆகியவற்றை 'ஆதாய வேட்டை' என்றும் இவ்வுரையில் வழங்கலாம்.

இக்கருத்தை 1967ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தெளிவுற எழுதியவர் கார்டன் டல்லக் என்னும் அமெரிக்கர். அதற்குப் பெயர் சூட்டியவர் ஆன் குரூகர் அம்மையார். அவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் சான்றாக எடுத்துக்கொண்ட நாடுகள் இரண்டு. ஒன்று துருக்கி, மற்றொன்று இந்தியா. எனவே இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் பலர் கண்ணால் கண்ட காலத்தின் கதையே இது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், 1957, 1958 வாக்கில், இந்தியாவிடம் இருந்த அந்நியச் செலாவணி கரைந்துபோயிற்று. ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரம், உதிரிப் பாகம், மூலப்பொருள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கொடுக்கவோ டாலரும் பவுனும் போதவில்லை. இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்க அரசு இறக்குமதிக் கட்டுப்பாட்டை இறுக்கியது. எந்தப் பொருளை யார் எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்பதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என வழங்கிய கொள்கை ஏடு ஒன்று வெளிவந்தது. தொழில் நடத்துவோர், தமக்கு அப்பொருள் இன்றியமையாதது என்று ஓர் அலுவலகத்தில் சான்று பெற வேண்டும். அதே பொருள் உள்நாட்டில் கிடைக்கவில்லை என்று மற்றொரு சான்று பெற வேண்டும். இரண்டையும் இணைத்து, இறக்குமதி ஏற்றுமதித் தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலரின் துறைக்கு விண்ணப்பித்து, உரிமச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைத்தான் இராஜாஜி 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று எள்ளி உரைத்தார்.

இதனை வகுத்தவர்களின் நோக்கத்தைப் பழிப்பதற்கில்லை. பற்றாக்குறைக் காலத்தில் அரிய பொருள் ஆடம்பரத்துக்குப் போகாமல் உற்பத்திக்குப் போக வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்திலிருந்து பிறந்த விளைவே இங்கு ஆராயத்தக்கது.

அந்த உரிமச் சீட்டுக்கு ஏன் அத்தனை மதிப்பு வந்தது? கணக்குக்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். கம்பி இழுக்கும் ஆலைகள் ஐந்து இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய உலோகம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சுங்கவரி உட்பட ஒரு டன் துறைமுகத்தில் வந்திறங்கும் விலை 4,000 ரூபாய். வரத்துக் குறைவாதலால் உள்நாட்டுச் சந்தையில் அதன் விலை 7,000 ரூபாய். உரிமம் உடையவர் 4,000க்குப் பெறுகிறார். இல்லாதவர் 7,000 கொடுக்கிறார். ஆக, ஒரு டன்னுக்கான உரிமம் என்பது 3,000 ரூபாய் பெறுமான ஒரு காகிதம். அரசு இந்த ஐந்து ஆலைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 100 டன் ஒதுக்குகிறது என்றால், ஆண்டுதோறும் 3,00,000 ரூபாய் ஆதாயம் அந்தக் காகிதங்களில் அடங்கியிருக்கிறது.

இதைக் கேட்டவுடன் பலரும் கைக்கூலியைத்தான் நினைப்பர். அதிகாரி பணம் வாங்கிக்கொண்டு உரிமம் கொடுத்தார், அதனால் நாடு கெட்டது என்பது எளிதான விளக்கம். அது முழு விளக்கமன்று. கைக்கூலி அறத்துக்குப் புறம்பானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கணக்கின்படி பார்த்தால், ஒருவர் பையிலிருந்த பணம் மற்றொருவர் பைக்குப் போயிற்று, பணம் அழிந்துவிடவில்லை. டல்லக்கும் குரூகரும் சுட்டிக் காட்டியது வேறு. அதிகாரிகள் அனைவரும் அப்பழுக்கற்றவர்களாக இருந்து, விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாலும் நாட்டுக்குப் பேரிழப்பு நேரும் என்பதே அவர்கள் காட்டிய உண்மை. அது எவ்வாறு என்பதை அதே ஐந்து ஆலைகளைக் கொண்டே காணலாம்.

நேர்மையான ஓர் அதிகாரி, யாருக்கும் சலுகை காட்டாமல் பங்கிட ஒரு விதி வகுக்கிறார். எந்த ஆலையில் எத்தனை இயந்திரம் உண்டோ, அந்த விகிதத்தில் உலோகம். எண்ணிப் பார்க்கக் கூடிய அளவுகோல். முகம் பார்த்துக் கொடுப்பதற்கு இடமே இல்லை. இந்தியாவில் உண்மையாகவே பல மூலப்பொருள்கள் ஆலையின் உற்பத்தித் திறனை அளவாகக் கொண்டே ஒதுக்கப்பட்டன.

ஒவ்வோர் ஆலையிலும் நான்கு இயந்திரங்கள். ஓர் இயந்திரம் ஆண்டுக்கு 10 டன் இழுக்க வல்லது. மொத்தம் 20 இயந்திரங்கள் 200 டன் இழுக்கலாம். கிடைப்பதோ 100 டன். எனவே ஆலைக்கு 20 டன் வீதம் பெற்று, பாதி இயந்திரங்கள் சும்மா கிடக்கின்றன. இந்நிலையில் எவரும் புது இயந்திரம் வாங்கமாட்டார் என்றுதானே தோன்றும்? முதல் ஆலைக்காரர் கணக்குப் போடுகிறார். இன்னும் நான்கு வாங்கினால் தம்மிடம் எட்டு, மொத்தம் 24. தமக்குரிய பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 33 டன்னுக்குச் சற்று மேல். கூடுதலாகக் கிடைக்கும் 13 டன் சொச்சத்துக்கு ஆதாயம் 40,000 ரூபாய். இயந்திரம் ஒன்றுக்கு வட்டியும் தேய்மானமுமாக ஆண்டுக்கு 5,000 என்றால் நான்குக்கும் 20,000. நிகர லாபம் 20,000. அவர் வாங்கிவிடுகிறார்.

மற்ற நால்வருக்கும் பங்கு குறைந்து, ஆளுக்கு 10,000 ரூபாய் இழப்பு. அவர்கள் மூடர்கள் அல்லர். அவர்களும் நான்கு நான்காக வாங்குகிறார்கள். இப்போது ஆளுக்கு எட்டு, மொத்தம் 40. பங்கு பழையபடி ஆளுக்கு 20 டன்! ஒரு முழம் கம்பிகூடக் கூடுதலாக வரவில்லை. சரி, இத்துடன் நின்றதா எனின், இல்லை. இந்த நிலையிலும் ஒருவர் மேலும் நான்கு வாங்கினால் 7 டன்னுக்குச் சற்று மிகுதியாகக் கிடைக்கும். அதன் ஆதாயம் ஏறத்தாழ 21,800, செலவு 20,000. எனவே இன்னொரு சுற்று. ஆளுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 60 என்று ஆன பிறகுதான், மேலும் நான்கு வாங்குவதால் வரும் ஆதாயம் 15,000ஆகச் சுருங்கி, செலவுக்குக் கீழே போகிறது. அங்கே ஓட்டம் நிற்கிறது.

முடிவில் கிடப்பதைப் பாருங்கள். பத்து இயந்திரங்கள் செய்து முடிக்கும் வேலைக்கு அறுபது இயந்திரங்கள். ஆறில் ஒன்று ஓடுகிறது, ஐந்து நிற்கின்றன. புதிதாக வாங்கிய 40 இயந்திரங்களுக்கு ஆண்டுச் செலவு 2,00,000 ரூபாய். காகிதத்தில் அடங்கியிருந்த 3,00,000 ரூபாய் ஆதாயத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நிற்கும் இரும்பாக உறைந்துபோயிற்று. அந்த இயந்திரங்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவையாயின் விந்தை இன்னும் பெரிது. அந்நியச் செலாவணியைக் காக்க வந்த விதி, அந்நியச் செலாவணியைக் கொடுத்து ஓடாத இயந்திரங்களை வாங்க வைத்தது. இவ்வளவுக்கும் ஒருவரும் பொய் சொல்லவில்லை; ஒருவரும் கைக்கூலி கொடுக்கவில்லை.

உற்பத்திக்கென்று அல்லாமல் விற்பனைக்காக இறக்குமதி செய்த வணிகரிடையே இதே நோய் வேறு வடிவில் தோன்றியது. உரிமம் பெறவே பலர் அந்த வணிகத்துள் நுழைய, ஆளுக்குக் கிடைக்கும் ஒதுக்கீடு சிறுத்துப் போகும். பத்துக் கடைகள் செய்யக்கூடிய வணிகத்தை முப்பது கடைகள் அரைநாள் வேலையாகச் செய்யும். கடைக்காரர் கொழுத்த லாபம் பெற்றார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் பெற்றது நடுத்தர வருவாயே. ஆதாயம் எங்கே போயிற்று என்றால், அந்த இருபது வெற்றுக் கடைகளின் வாடகையாகவும், ஆள் கூலியாகவும், காத்திருந்த நாள்களாகவும் கரைந்துபோயிற்று.

இந்தியாவில் இதன் அளவு எவ்வளவு? இங்கே தமிழகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் வருகிறார். ஊழல் தடுப்பு குறித்து ஆராய கே. சந்தானம் தலைமையில் அமைந்த குழு 1964இல் அறிக்கை அளித்தது. மத்திய விழிப்புப் பணி ஆணையம் தோன்றுவதற்குக் காரணமாக இருந்ததும் அக்குழுவே. இறக்குமதி உரிமங்கள் அவற்றில் குறித்த தொகையைப்போல் ஒரு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை சந்தையில் விலைபோயின என்று அக்குழு மதிப்பிட்டது. குரூகர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மிகைப்படுத்திவிடக் கூடாதென்று முக்கால் மடங்கு, அதாவது 75 விழுக்காடு என்று மட்டுமே கொண்டார். அப்படிக் குறைத்துக் கணக்கிட்டும், 1964இல் இறக்குமதி உரிமங்களால் மட்டும் எழுந்த ஆதாயம் ஏறத்தாழ 1,027 கோடி ரூபாய் என்று வந்தது. விலைக் கட்டுப்பாட்டுப் பொருள்கள், ரயில் சரக்கு ஒதுக்கீடு, வங்கிக் கடன் முதலியவற்றையும் சேர்த்தால் 1,464 கோடி. அன்றைய தேசிய வருமானத்தில் அது 7.3 விழுக்காடு. துருக்கியில் 1968ஆம் ஆண்டு இறக்குமதி உரிமங்களின் ஆதாயம் மட்டுமே நாட்டு உற்பத்தியில் 15 விழுக்காடு என்று அவர் கண்டார்.

இந்த எண்ணைக் கையாளுவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 7.3 விழுக்காடு என்பது கிடைக்கக்கூடிய ஆதாயத்தின் அளவு. அத்தனையும் வீணாயிற்று என்பதற்குச் சான்றன்று. மேற்கண்ட கற்பனைக் கணக்கிலேயே மூன்றில் ஒரு பங்கு ஆலைக்காரர் கையில் எஞ்சி நிற்கிறது. போட்டியிடுவோர் பலராகவும், உள்ளே நுழைய எவருக்கும் வழி திறந்தும் இருந்தால் ஆதாயம் பெரும்பாலும் வேட்டையிலேயே கரையும். நுழைவு அடைபட்டு, உரிமம் இன்னார்க்கென்று முன்னரே முடிவாகியிருந்தால் கரைவது குறையும். ஆனால் செல்வம் சிலரிடம் குவியும். இது ஒரு கசப்பான உண்மை. பங்கீட்டை நியாயமாக்கிப் பலருக்கும் வாயிலைத் திறக்கத் திறக்க, வீணாகும் பொருளும் பெருகுகிறது. குரூகரின் கட்டுரையில் வாசகர்கள் பெரும்பாலும் கவனியாமல் தாண்டிச் செல்லும் இடம் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

உரிமம் பெறுவது ஒரு வகை வேட்டை. பிறர் பெறாமல் தடுப்பது மற்றொரு வகை. இரண்டாவது முதலாவதினும் கொடிது. 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தின்படி, பெரிய ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் வேண்டும். ஒரு தொழிலில் நாட்டுக்கு இவ்வளவு உற்பத்தித் திறன் போதும் என்று திட்டக்காரர்கள் வரையறுப்பார்கள். அந்த அளவுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டுவிட்டால் வாயில் மூடிவிடும். இதைக் கண்டுகொண்ட பெரிய குழுமங்கள் ஒரே தொழிலுக்குப் பல விண்ணப்பங்களைப் போட்டு உரிமங்களை முன்கூட்டியே வளைத்துக்கொண்டன. ஆலை கட்டாமல் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டன. புதியவர் வந்து கேட்டால், "திறன் முழுதும் ஒதுக்கப்பட்டுவிட்டது" என்று விடை வரும். பொருளியலார் ஆர்.கே. ஹசாரி 1967இல் அளித்த அறிக்கை இதனை வெளிக்கொணர்ந்தது. 1969இல் தத் குழுவும் இதனை ஆராய்ந்தது. முதல் வகையில் ஓடாத இயந்திரமாவது மிஞ்சியது. இரண்டாம் வகையில் மிஞ்சியது, எழாத ஆலை. எழாததைக் கணக்கெடுக்க எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

உள்நாட்டில் கிடைக்கவில்லை என்னும் சான்றும் இவ்வாறே ஓர் ஆயுதமாயிற்று. ஒருவர் ஒரு பொருளை உள்நாட்டில் செய்யத் தொடங்கிவிட்டார் என்றால், விலை எவ்வளவு ஆயினும், தரம் எப்படி ஆயினும், அப்பொருளின் இறக்குமதியைத் தடுக்கக் கோரலாம். அத்தகையவருக்குத் தம் பொருளின் தரத்தை உயர்த்தச் செலவிடும் ரூபாயைக் காட்டிலும், தில்லியில் தடையை நிலைநிறுத்தச் செலவிடும் ரூபாய் பன்மடங்கு பலன் தந்தது. ஒரு நிறுவனத்தில் மிகக் கூர்மையான அறிவுடையவர் ஆய்வுக்கூடத்தில் அமர்த்தப்படுகிறாரா, தலைநகர் அலுவலகத்தில் அமர்த்தப்படுகிறாரா என்பதை இந்தக் கணக்கே முடிவு செய்கிறது. அவர் தீயவரல்லர். விதி எங்கே பரிசு வைத்திருக்கிறதோ அங்கே அவர் போகிறார்.

அரசிடம் வேண்டுதல் வைக்கும் நிறுவனம் எல்லாமே வேட்டையில் இறங்கியதென்று கொள்வது தவறு. சாலை கேட்பதும், துறைமுகத்தை ஆழப்படுத்தக் கேட்பதும், கலப்படத்தைத் தடுக்கச் சட்டம் கேட்பதும் நாட்டின் பொருளைப் பெருக்குவன. அதுபோல், புதிய மருந்து ஒன்றைக் கண்டவர் காப்புரிமை பெற்றுச் சில ஆண்டுகள் தனி லாபம் பெறுவதும் வேறு. அங்கே லாபத்துக்கு முன்னால் ஒரு படைப்பு நிற்கிறது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்த முயற்சி நடவாமலே போயிருந்தால் உலகில் ஏதேனும் ஒரு பொருளோ பணியோ குறைந்திருக்குமா என்று கேட்க வேண்டும். ஐந்து ஆலைக்காரரும் அந்த நாற்பது இயந்திரங்களை வாங்காதிருந்தால் குறைந்திருக்கக் கூடியது எதுவுமில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் அடையாளங்கள் தென்படும். பொருளுக்கு இல்லாத விலை சீட்டுக்கு இருக்கும். இருக்கும் ஆலை பாதி ஓடும்போதே விரிவாக்க விண்ணப்பம் போகும். உரிமம் பெற்றவர் தொழில் தொடங்காமலே ஆண்டுகள் கழியும்.

1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு ஆலை உரிமம் நீக்கப்பட்டது. அதையொட்டி மூலப்பொருள், இயந்திரம் ஆகியவற்றின் இறக்குமதி உரிமங்களும் பெரும்பகுதி அகன்றன. நுகர்பொருள்களின் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 அன்றுதான் முற்றிலும் நீங்கியது. தடை நீங்கிய இடத்தில் இருவிலை இல்லை, இருவிலை இல்லாத இடத்தில் சீட்டுக்கு மதிப்பில்லை, ஓட்டமும் நின்றது.

ஆனால் எல்லாவற்றிலும் தடையை நீக்க இயலாது. நிலக்கரி மண்ணுக்குள் இருக்கிறது. யாரேனும் ஒருவருக்குத்தான் அந்தச் சுரங்கத்தைக் கொடுக்க முடியும். 1993 முதல் தனியார் ஆலைகளுக்கு நிலக்கரிச் சுரங்கங்களை ஒரு தேர்வுக் குழு விலையின்றி ஒதுக்கி வந்தது. விலையில்லாப் பொருளுக்கு எழுந்த விண்ணப்பங்கள் எத்தகையன என்பதைக் கம்பி ஆலைகளின் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். ஒதுக்கீடு பெற்று, தோண்டாமலே வைத்திருந்தோர் பலர். 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டு முறை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் 218 ஒதுக்கீடுகளில் 214ஐ நீக்கியது. அதன்பின் ஏலம் வந்தது.

ஏலத்தில் 3,000 ரூபாய் பெறுமான காகிதத்தை 3,000 ரூபாய் கொடுத்தே பெற வேண்டும். அப்பணம் ஓடாத இயந்திரத்துக்கோ தலைநகர்ப் பயணத்துக்கோ போகாமல் கருவூலத்துக்குப் போகிறது. வேட்டைக்காரருக்கு அங்கே இரையில்லை. எனினும் ஏலத்துக்கும் விதிகள் உண்டு. யார் கலந்துகொள்ளலாம், குறைந்தபட்சத் தகுதி யாது, தொகையை எத்தனை தவணைகளில் கட்டலாம், கட்ட இயலாவிட்டால் பின்னர்த் தளர்த்துவார்களா என்பனவெல்லாம் ஏலத்துக்கு முன்பும் பின்பும் எழுதப்படுபவை. ஆதாயத்தின் ஒரு பகுதி இப்போது அந்த வரிகளுக்குள் குடியேறியிருக்கிறது. ஏலத் தொகையை நாளிதழ்கள் தலைப்பில் இடுகின்றன. தகுதி விதிகளைப் படித்துப் பார்ப்போர், அவற்றால் பயன்பெறக் காத்திருப்போரைத் தவிர, மிகச் சிலரே.